ஒத்துழைப்புக்கு நன்றி

எங்கள் தெருமுனையில் ஒரு போர்டு நிற்கிறது. 'பணி நடைபெறுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' போர்டுக்குப் பின்னால் இடுப்பளவு பள்ளம். மூன்று மாதமாக அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் பால் வாங்கப் போகிறேன். மழை பெய்த அன்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டினேன். ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. நான் எப்போது ஒத்துழைத்தேன்? என்னை யாரும் கேட்கவில்லையே! நான் இன்னும் கொடுக்காத ஒன்றுக்கு எனக்கு நன்றி சொல்லிவிட்டார்கள். இனிமேல் நான் முணுமுணுத்தால் தப்பு என்னுடையது.

முன்கூட்டியே சொல்லப்படும் நன்றிக்குள் இப்படி ஒரு சின்ன உத்தரவு ஒளிந்திருக்கிறது. போன வருஷம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என் நண்பர் போன் பண்ணியபோது எனக்கு அந்த போர்டுதான் ஞாபகம் வந்தது.

நண்பர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நடுத்தர சைஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு வழக்கு பார்த்துக் கொடுக்கிற கம்பெனி. நூற்று நாற்பது பேர். ஒரு பெரிய வாடிக்கையாளர் கையை விரித்துவிட, அன்று ஒரே நாளில் முப்பத்தெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலை, மிச்சமிருக்கிற நூற்றிரண்டு பேருக்கு இவர் ஒரு மெயில் அனுப்ப வேண்டும். "நன்றி சொல்லி எழுதணும்யா. நீ எழுதறவன், கொஞ்சம் பார்த்துக் கொடு" என்றார்.

டிராஃப்ட் வந்தது. 'கனத்த இதயத்துடன் சில கடினமான முடிவுகள் எடுக்கப்பட்டன. சில சகாக்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். நாம் ஒரு குடும்பம். இந்தச் சவாலிலிருந்து இன்னும் வலிமையாக வெளிவருவோம். உங்கள் தொடர்ந்த அர்ப்பணிப்புக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி.'

பள்ளம், போர்டு, அதே வாசகம்!

நண்பர் கெட்டவர் இல்லை. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார். ஆனால் அந்த ஐந்து வாக்கியத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. முடிவுகள் 'எடுக்கப்பட்டன'. யார் எடுத்தது? சகாக்கள் 'விடுவிக்கப்பட்டனர்'. ஜெயிலிலிருந்தா? தமிழில் இந்த 'பட்டன, பட்டனர்' ஒரு சௌகரியமான திரை. தப்பு நடக்கும், செய்தவன் இருக்க மாட்டான்.

'குடும்பம்' என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரும்படி குறைந்தது என்று சித்தப்பாவை நீக்கிவிட்டு, மீதிப் பேருக்கு 'வாருங்கள், வலிமையாக வெளிவருவோம்' என்று சொல்கிற குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

"சரி, நீயே சொல்லு. நான் எதுக்கு நன்றி சொல்றது?" என்று கேட்டார் நண்பர், கொஞ்சம் கோபமாகவே. நல்ல கேள்வி. தூக்கம் போய்விட்டது எனக்கு.

யோசித்துப் பாருங்கள். மிச்சமிருக்கிறவர்கள் அப்படி என்ன செய்துவிட்டார்கள்? இருந்தார்கள், அவ்வளவுதான். இருப்பதா வேண்டாமா என்று அவர்களைக் கேட்டு லிஸ்ட் போடவில்லை. தேர்ந்தெடுக்காத ஒன்றுக்கு எப்படி நன்றி சொல்வது? சில முதலாளிகள் இதையே திருப்பிப் போடுவார்கள்: 'உங்களுக்கு வேலை இருக்கே, நீங்கதான் நன்றியோட இருக்கணும்.' வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் முகத்தில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்ட ஊழியர் அதற்கப்புறம் எந்த மெயிலையும் நம்பமாட்டார்.

'நன்றி' என்ற வார்த்தைக்கே இன்றைக்கு நாம் தருகிற அர்த்தம் பிற்காலத்தியது. பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்த நல்ல காரியம். அதனால்தான் திருவள்ளுவர் பதினோராவது அதிகாரத்துக்கு வெறுமனே 'நன்றி' என்று பெயர் வைக்காமல் 'செய்ந்நன்றி அறிதல்' என்று வைத்தார். அறிதல்! செய்த நல்லதைத் தெரிந்து வைத்திருப்பது. நாம் அறிகிற பாகத்தை விட்டுவிட்டுச் சொல்கிற பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நண்பரிடம் கேட்டேன். "அந்த நூத்தி ரெண்டு பேர்ல எத்தனை பேர் என்ன வேலை செய்யறாங்கன்னு உனக்குத் தெரியும்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒரு முப்பது பேர்."

"அப்ப அந்த முப்பது பேருக்குத்தான் உன்னால நன்றி சொல்ல முடியும்."

அவர் போனை வைக்கவில்லை. அதுவே பெரிசு.

இப்போது மிச்சமிருந்தவர்கள் பக்கம் வருவோம். உங்களில் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். காலையில் போனால் பக்கத்து சீட் காலி. மேஜைக்கு அடியில் அவருடைய செருப்பு அப்படியே கிடக்கிறது. மானிட்டர் ஓரத்தில் சின்ன முருகன் படம். டீ குடிக்கிற குரூப்பில் ஐந்து பேர் மூன்றாகி, பேச்சே வரவில்லை. முதலில் வருவது துக்கமில்லை. 'அப்பாடா, நான் இல்லை' என்கிற நிம்மதி. அடுத்த நிமிஷம் அந்த நிம்மதிமேலேயே ஒரு அருவருப்பு. இவரை விட நான் என்ன பெரிய ஆள்? பிறகு பயம். அடுத்த லிஸ்ட் எப்போது?

அமெரிக்காவில் ஜோயல் ப்ரோக்னர் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களில் இந்த 'மிச்சமிருப்பவர்களை' தனியாக எடுத்துப் படித்தார். அவரும் சகாக்களும் செய்த ஒரு பரிசோதனை எளிமையானது. மாணவர்களை உட்காரவைத்துப் பிழை திருத்தும் வேலை கொடுத்தார்கள். நடுவில், கூட இருந்த ஒருவரை 'நீ போகலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். போனவர் உண்மையில் ஆராய்ச்சியாளர்களின் ஆள். மற்றவர்களுக்கு அது தெரியாது. இருந்தவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? வேகம் கூடியது. நிறையப் பக்கங்கள் பார்த்தார்கள். ஆனால் திருத்தத்தின் தரம் கூடவில்லை. குற்ற உணர்ச்சி கையைத்தான் வேகப்படுத்தியது.

பல மேலதிகாரிகள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். ஆள் குறைத்த மறுவாரம் எல்லோரும் சீக்கிரம் வருகிறார்கள், லேட்டாகப் போகிறார்கள், யாரும் லீவு கேட்பதில்லை. 'பாருய்யா, பசங்க எப்படித் தோள் கொடுக்கறாங்க!' என்று அதிகாரி நெகிழ்ந்து ஒரு நன்றி மெயில் போடுகிறார். அது தோள் இல்லை சார், நடுக்கம். வித்தியாசம் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மீட்டிங்கில் 'ஏதாவது கேள்வி உண்டா?' என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சின்ன விஷயத்துக்குக்கூட மெயிலில் பத்துப் பேருக்குக் காப்பி போடுவார்கள், நாளைக்குச் சாட்சி வேண்டுமே என்று. தப்பு நடந்தால் சொல்லாமல் மூடுவார்கள்.

ப்ரோக்னர் கண்ட இன்னொரு விஷயம், இருப்பவர்களின் மனசு, போனவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பெரிதும் கவனிக்கிறது என்பது. போனவர் நெருக்கமானவர் என்றால் இன்னும் அதிகம். இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம். நம் ஊர் ஆபீஸில் ஒருவரை அனுப்பினால் மற்றவர்கள் முதலில் கேட்பது 'எவ்வளவு கொடுத்தாங்க?' என்பதுதான். நம் நாட்டில் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்று சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. ஆறு வருஷம், மாதம் முப்பதாயிரம் என்றால், நோட்டீஸ் காசு தவிர சுமார் தொண்ணூறாயிரம். போனவருக்கு அந்தத் தொகை வந்ததா, இழுத்தடித்தார்களா, 'நீயே ராஜினாமா எழுதிக் கொடு' என்று கையெழுத்து வாங்கினார்களா என்பதெல்லாம் ஒரே வாரத்தில் மாடி முழுக்கத் தெரிந்துவிடும். ஒவ்வொருவரும் செல்போன் கால்குலேட்டரில் தன் பெயருக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் படிக்கிற நன்றிக் கடிதம் அந்த செட்டில்மென்ட்தான்.

2020 மே மாதம் ஏர்பிஎன்பி கம்பெனியின் தலைவர் பிரையன் செஸ்கி எழுதிய கடிதம் இந்த விஷயத்தில் பெயர் பெற்றது. கொரோனா வந்து ஊர் சுற்றுவது நின்றுபோய், ஏழாயிரத்து ஐந்நூறு பேரில் ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரை அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைப் படித்தால் உருக்கம் குறைவாகவும் விவரம் அதிகமாகவும் இருக்கும். அந்த வருட வருமானம் முந்தைய வருடத்தில் பாதிகூட வராது என்று எதிர்பார்ப்பதைச் சொன்னார். எந்தப் பிரிவுகளில் வேலையை நிறுத்துகிறோம் என்று சொன்னார். அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பதினான்கு வார அடிப்படைச் சம்பளம், வேலை பார்த்த வருடத்துக்கு ஒரு வாரம் கூடுதல், ஒரு வருட மருத்துவக் காப்பீடு, லேப்டாப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இது போகிறவர்களின் தப்பில்லை என்று தெளிவாக எழுதினார். இருப்பவர்களுக்கு எழுதியது கொஞ்சம்தான். போகிறவர்கள் செய்தது வீணாகவில்லை, அது இங்கே தொடர்ந்து இருக்கும் என்பதுதான் அதன் சாரம்.

அதே வருடம் டிசம்பரில் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 68 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளே 144 டாலரைத் தாண்டி முடிந்தது. மே மாதம் வெளியே போனவர்கள் அன்றைக்கு டி.வி. பார்த்துக்கொண்டு என்ன நினைத்திருப்பார்கள்? நல்ல கடிதம் எழுதிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விவரம் இல்லாத கடிதத்தைவிட விவரம் உள்ள கடிதம் மரியாதையானது. அவ்வளவு தூரம்தான் என்னால் போக முடிகிறது.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தோம். முதலில் 'எடுக்கப்பட்டன' போயிற்று. 'நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து இந்த முடிவை எடுத்தோம்' என்று வந்தது. அந்த 'நானும்' என்ற வார்த்தையை டைப் அடிக்க அவர் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். 'சில சகாக்கள்' என்பது முப்பத்தெட்டுப் பேர் ஆயிற்று. ஏன் என்ற இடத்தில் 'சந்தைச் சூழல்' என்று எழுதியிருந்தார். பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார், அவரை மட்டும் நம்பியிருந்தது எங்கள் தப்பு என்று மாற்றினோம்.

அடுத்தது, இனிமேல் ஆட்குறைப்பு இருக்குமா? "இல்லைன்னு எழுதிடறேன். தைரியம் வரும்" என்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"மார்ச் வரைக்கும் பணம் இருக்கு. அதுக்கப்புறம் புது ஆர்டரைப் பொறுத்தது."

"அதையே எழுது."

"எழுதினா நல்ல பசங்க எல்லாம் ஓடிப் போயிடுவாங்கய்யா."

நல்ல பசங்க எல்லாம் அன்று சாயங்காலமே பயோடேட்டாவைத் தூசி தட்டியிருப்பார்கள் என்றேன். தெரியாததை மறைத்தால் ஓடுவது நிற்காது. சொல்லாமல் ஓடுவார்கள், அவ்வளவுதான். கடைசியில் 'மார்ச் வரை சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது. அதற்கு மேல் என்னால் வாக்குத் தர முடியவில்லை. ஜனவரி முதல் வாரம் நிலைமை என்னவோ அதை உங்களிடம் சொல்வேன்' என்று எழுதினார். புது வாடிக்கையாளர் ஒருவரிடம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. 'சில விஷயங்களை இப்போது சொல்ல இயலாது' என்று அதையும் எழுதினார். சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று சொல்வதும் உண்மைதான்.

வேலை விஷயம்தான் சிக்கல். முப்பத்தெட்டுப் பேர் செய்த வேலையில் ஒரு பகுதி வாடிக்கையாளரோடு போய்விட்டது. மீதி யார் தலையில்? இதற்குப் பதில் சொல்லாமல் 'அர்ப்பணிப்புக்கு நன்றி' என்று எழுதினால், கூடுதல் வேலைக்குக் கூலி இந்த நன்றிதான் என்று அர்த்தம். எதை நிறுத்தப்போகிறோம் என்று முதலில் சொல் என்றேன். யோசித்து யோசித்து மூன்று வாராந்திர ரிப்போர்ட்டை நிறுத்துவதாக எழுதினார். பிற்பாடு தெரிந்தது, அந்த மூன்றையும் பல வருஷமாக யாரும் படிப்பதில்லையாம்.

கடைசியில் நன்றி. அவருக்குத் தெரிந்த முப்பது பேரின் வேலையை நினைத்துப் பார்த்து, நடந்து முடிந்த காரியங்களுக்கு மட்டும் எழுதினார். செப்டம்பரில் சர்வர் படுத்துவிட்ட ராத்திரி உட்கார்ந்தவர்களுக்கு. புதியவர்களுக்குத் தன் வேலையோடு வேலையாகச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு. நாளைக்குச் செய்யப்போவதற்கு நன்றி சொல்லவில்லை. 'கேட்கிறேன்' என்று எழுதினார். 'இந்த மூன்று மாதம் சிரமமாக இருக்கும். இருந்து உதவ முடியுமா என்று கேட்கிறேன். முடியாது என்பவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.'

இதை மெயிலில் போடாமல் நேரில் நின்று படியுங்கள் என்று அவர் மனைவிதான் சொன்னார். சரியான யோசனை. மெயிலிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது.

மறுநாள் நின்று படித்தார். ஆறு நிமிஷம். கைதட்டல் இல்லை. கைதட்டியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பத்து வருஷ சர்வீஸ். அதிகம் பேசாதவராம்.

"சார், எங்களுக்கு நன்றி சொன்னீங்க. சந்தோஷம். போனவங்களுக்குச் சொன்னீங்களா?"

நண்பர் நின்றார். சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பேரையும் ஹெச்.ஆர். அறையில் ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் பார்த்து, பேப்பரில் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். சீட்டுக்குப் போய்ப் பொருளை எடுக்கக்கூட விடவில்லை. 'கூரியரில் வரும்' என்றிருந்தார்கள். தகவல் பாதுகாப்பாம்! செருப்பும் முருகன் படமுமா தகவல்?

"இல்லைம்மா. சொல்லலை" என்றார் நண்பர். சமாளிக்கவில்லை. அந்த ஆறு நிமிஷத்தில் எங்கள் இருவரின் ராத்திரி உழைப்பையும்விட அந்த இரண்டு வார்த்தைதான் மதிப்பாக இருந்தது என்று அங்கே இருந்த ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் அந்தப் பெண்ணும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்து, காலி மேஜைகளில் இருந்ததை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். நண்பர் அடுத்த இரண்டு வாரத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கும் போன் பண்ணினார். ஒன்பது பேர் எடுக்கவில்லை. ஒருவர் எடுத்துத் திட்டினார், நிறுத்தாமல் ஐந்து நிமிஷம். கேட்டுக்கொண்டார். நன்றி சொல்லப் போன இடத்தில் திட்டு வாங்குவதும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. அவர் அப்படிச் சொல்லவில்லை, அவருக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஜனவரி முதல் வாரம் சொன்னபடி மறுபடி நின்றார். புது ஆர்டர் பாதிதான் வந்திருந்தது. அதைச் சொன்னார்.

மார்ச்சில் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாள் நண்பர் அறைக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். இத்தனை நாள் தான் பார்த்த வேலைகளின் லிஸ்ட், அடுத்து வருபவருக்காக. கையெழுத்தில், நம்பர் போட்டு, பதினேழு. நண்பருக்குத் தெரிந்தது அதில் ஐந்து.

போன வாரம் அவர் அறைக்குப் போயிருந்தேன். அந்தத் தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பதினைந்தாவதாக ஒரு பெயர், அதற்குப் பக்கத்தில் 'இவர் பார்த்தது, நவம்பரிலிருந்து நான்' என்று எழுதியிருக்கிறார். பெயர் அந்த முப்பத்தெட்டில் ஒன்று. பதினாறாவதும் அப்படித்தான். பதினேழாவதும்.